ஒருவருக்கு மூன்று பெயர்: விவிலியப் பெயர்கள் தமிழுக்கு வந்த வழிகள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நாங்கள் குடியிருக்கும் மூலக்கொத்தளத்தின் பெயருக்கு மூலத்தோடு தொடர்பு ஏதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் மூலையில் ஒரு கொத்தளம் இருந்தது. அந்த மூலைக் கொத்தளமே மக்கள் வாயில் தேய்ந்து மூலக்கொத்தளம் ஆயிற்று என்பர். அருகிலுள்ள வால்டாக்ஸ் சாலையும் அப்படிப்பட்டதே. மதிலுக்காக விதிக்க நினைத்த வரியின் ஆங்கிலப் பெயர் தமிழ் ஒலியில் ஊறிப்போய், இன்று பொருள் தெரியாமலே எல்லோராலும் வழங்கப்படுகிறது. மதில் போய்விட்டது, வரியும் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

ஊர்ப் பெயருக்கு நேர்ந்த இந்த மாற்றம் மனிதர் பெயருக்கும் நேர்வதுண்டு. அதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. எங்கள் தெருவில் உள்ள ஒரு பாட்டிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போய்த் தெரிந்துகொண்டேன். அந்த விண்ணப்பத்திலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும்.

ஒரு விண்ணப்பமும் மூன்று பெயர்களும்

பாட்டியின் கணவர் காலமான பிறகு, அவர் வேலை செய்த இடத்திலிருந்து பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டியிருந்தது. தெருவில் எல்லோரும் அவரைச் சந்தியாகு என்றே அழைப்பார்கள். குடும்ப அட்டையிலும் அப்பெயரே இருந்தது. ஆனால் வேலைப் பதிவேட்டில் இருந்த பெயர் ஜேம்ஸ். பிறந்த ஆண்டைக் காட்டுவதற்காகக் கோயிலில் வாங்கிய திருமுழுக்குப் பதிவின் நகலிலோ, பழைய வழக்கப்படி லத்தீன் மொழியில் 'யாக்கோபுஸ்' என்று இருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர், "மூன்று பேருடைய காகிதத்தை ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாட்டி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "ஏம்ப்பா, நாப்பது வருசம் ஒரே ஆளோடதானே குடித்தனம் பண்ணேன்? மூணு பேருன்றாரே?" என்றார்.

அலுவலரைக் குறை கூறிப் பயனில்லை. சந்தியாகு, ஜேம்ஸ், யாக்கோபுஸ் ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிப் பார்த்தால் ஓரெழுத்துக்கூட ஒத்து வருவதாகத் தோன்றாது. ஆயினும் மூன்றும் ஒரே பெயர்தான். அதற்கு நான்காவதாக யாக்கோபு என்றும், ஐந்தாவதாக யாகப்பன் என்றும் தமிழ் வடிவங்கள் உண்டு. இத்தனை வடிவங்கள் எப்படித் தோன்றின? அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்குள் ஒரே வாயில் வழியாக வரவில்லை என்பதே விடை. காதால் கேட்டபடி வந்தது ஒரு வழி. பொருளை உணர்ந்து தமிழில் ஆக்கிக்கொண்டது ஒரு வழி. மூல நூலின் எழுத்தைப் பார்த்துப் பெயர்த்தது ஒரு வழி. செவி வழி, பொருள் வழி, எழுத்து வழி என்று இவற்றுக்குப் பெயர் சூட்டிக்கொள்வோம்.

வேர் எது?

முதலில் வேரைப் பார்ப்போம். எபிரேய மொழியில் அப்பெயர் 'யாஃகோவ்' என்பதுபோல் ஒலிக்கும். விவிலியத்தின் தொடக்க நூலில் இதற்கு ஒரு கதை உண்டு. ஈசாக்கின் மனைவி ரெபேக்காளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. முதலில் வந்த ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது பிள்ளை பிறக்கிறது. எபிரேயத்தில் குதிகாலைக் குறிக்கும் சொல் 'ஆகேவ்'. ஆகவே அப்பிள்ளைக்குக் குதிகாலைப் பிடித்தவன் என்னும் பொருளில் பெயர் அமைந்தது. பின்னர் அதே பிள்ளை அண்ணனின் தலைமகன் உரிமையைத் தந்திரமாகப் பெற்றபோது, காலை வாரியவன் என்னும் பொருளும் அதில் ஏற்றப்பட்டது. மொழி ஆராய்ச்சியாளர்களோ, பழைய மேற்கு ஆசியாவில் வழங்கிய இதையொத்த பெயர்களை வைத்து, 'இறைவன் காப்பாராக' என்பதே இதன் முதற்பொருளாக இருந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். கதை தரும் பொருள் ஒன்று, மொழிநூல் தரும் பொருள் ஒன்று என்று இரண்டு இருப்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இப்பெயர் கிரேக்கத்தில் 'யாக்கோபோஸ்' ஆயிற்று; லத்தீனில் 'யாக்கோபுஸ்' ஆயிற்று. இயேசுவின் சீடர்களுள் இருவர் இப்பெயர் உடையவர்கள். அங்கிருந்துதான் பாதை பிரிகிறது. பேச்சு லத்தீனில் நடுவிலிருந்த 'ப' ஒலி 'ம' ஆகி 'யாக்கோமுஸ்' என்றொரு வடிவம் கிளைத்தது. அது பழைய பிரெஞ்சு மொழியில் நுழைந்து, குறுகி, ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆயிற்று. ஜேம்சும் ஜேக்கப்பும் ஒன்றே என்பதற்கு ஆங்கிலேயரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1688இல் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவாளர்களை அந்நாட்டார் 'ஜேக்கபைட்டுகள்' என்று அழைத்தனர். வரலாற்று மாணவர்களாகிய நாம் பாடத்தில் படித்த சொல்தான் இது.

ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலோ அப்பெயர் 'இயாகோ' என்று சுருங்கிற்று. புனிதர் என்பதைக் குறிக்கும் 'சாந்த்' என்னும் அடைமொழி அதன் முன் ஒட்டிக்கொண்டு 'சாந்தியாகோ' ஆயிற்று. பிற்காலத்தார் அதைத் தவறாகப் பிரித்து, 'சான்' தான் அடைமொழி, 'தியாகோ' தான் பெயர் என்று எண்ணிவிட்டனர். இன்றும் போர்ச்சுகீசியரிடையே தியாகோ என்று பெயருடையோர் பலர். பிரிக்கத் தெரியாமல் பிரித்ததால் பிறந்த பெயர் அது.

செவி வழி

நம் கடற்கரைக்கு முதலில் வந்த வழி செவி வழி. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அக்காலத்தில் திருமுழுக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர், பெற்றவர்கள் தமிழர். பெயர் ஏட்டிலிருந்து வரவில்லை. வாயிலிருந்து காதுக்கு வந்தது. 'சாந்தியாகோ' என்று பாதிரியார் உச்சரித்ததைத் தமிழர் 'சந்தியாகு' என்று வாங்கிக்கொண்டனர். இறுதியிலிருந்த 'ஓ' உகரமாகக் குறைந்தது. புனிதர் என்னும் அடைமொழி பெயருக்குள்ளேயே புதைந்துவிட்டது. ஆகவே இன்று 'புனித சந்தியாகப்பர்' என்று நாம் சொல்லும்போது, அறியாமலே 'புனிதர்' என்பதை இரண்டு முறை சொல்லுகிறோம்.

காது எவ்வளவு உண்மையாகக் கேட்டது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் இயற்றிய அம்மானை நூலின் பெயர் 'சந்தியோகுமையோர் அம்மானை'. இதிலுள்ள 'மையோர்' தமிழ்ச் சொல் அன்று. சீடருள் யாக்கோபு என்ற பெயருடையோர் இருவர் அல்லவா? அவர்களைப் பிரித்தறிய, ஒருவரைப் பெரிய யாக்கோபு என்றும் மற்றவரைச் சிறிய யாக்கோபு என்றும் வழங்குவர். பெரியவர் என்பதற்குப் போர்ச்சுகீசியச் சொல் 'மையோர்'. புனிதர் என்னும் அடைமொழி முன்னே, பெரியவர் என்னும் அடைமொழி பின்னே, நடுவில் பெயர் என்று மூன்று சொற்களையும் சேர்த்து ஒரே பெயராகத் தமிழ்க் காது வாங்கிக்கொண்டது.

சூசை என்னும் பெயரும் செவி வழி வந்ததே. எபிரேயத்தில் 'யோசேஃப்' என்பது, போர்ச்சுகீசியர் வாயில் 'ஜுசே' என்பதுபோல் ஒலிக்கும். அதிலுள்ள ஒலிகள் இரண்டும் தமிழில் இல்லாதவை. இரண்டையும் சகரத்தில் அடக்கி, இறுதி ஏகாரத்தை ஐகாரமாக்கிச் சூசை என்றனர். கடைசியில் 'அப்பர்' சேர்த்துச் சூசையப்பர் ஆக்கினர். வட சொற்கள் தமிழில் வரும்போது வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தைப் பெற வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்திருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். கடற்கரை மக்கள் தொல்காப்பியம் படித்துச் செய்யவில்லை. ஆனால் அவர்கள் நாவு அந்த விதியின்படியே நடந்தது.

பொருள் வழி

இரண்டாவது வழி உள்நாட்டில் பிறந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தம்மைத் தத்துவபோதகர் என்று அழைத்துக்கொண்டார். அயல் ஒலியுடைய பெயர்கள் இந்நாட்டாருக்கு அயலாகவே இருக்கும் என்பதை அவர் வழிவந்த துறவிகள் உணர்ந்தனர். ஆகவே பெயரின் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழில் தந்தனர்.

இங்கே மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். யோவான் என்பதன் எபிரேய மூலம் 'யோஹானான்'. யாவே அருள் புரிந்தார் என்பது அதன் பொருள். அதைத் தமிழில் அருளப்பர் என்றனர். ஜோவான் தெ பிரிட்டோ என்னும் போர்ச்சுகீசியத் துறவி இங்கே அருளானந்தர் ஆனதும், 1693இல் ஓரியூரில் அப்பெயருடனே உயிர் துறந்ததும் யாவரும் அறிந்ததே. அவர் பெயரின் முதற்பாதியாகிய 'ஜோவான்' என்பதற்கு அருள் என்பது நேரான மொழிபெயர்ப்பு.

பவுல் என்பது லத்தீனில் 'பவுலுஸ்'. சிறியவர் என்பது பொருள். அவரைச் சின்னப்பர் என்றனர். இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பு இருக்க முடியாது. சின்னப்பன் என்னும் பெயரை ஊர்ப்பக்கத்தில் சித்தப்பாவைக் குறிக்கும் முறைப்பெயர் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் கிறித்தவக் குடும்பத்தில் அது பவுல் என்பதன் தமிழ் வடிவம்.

மூன்றாவது, வீரமாமுனிவர் தந்த வளன். 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் சூசையப்பரே. ஆனால் காப்பியத்துக்குச் சூசை என்னும் பெயர் அவருக்குப் போதவில்லை. யோசேப்பு என்பதற்கு 'அவர் கூட்டித் தருவாராக' என்பது பொருள். ராகேல் நெடுநாள் பிள்ளையின்றி இருந்து பெற்ற மகனுக்கு, இன்னுமொரு மகனைக் கூட்டித் தர வேண்டும் என்னும் வேண்டுதலோடு இட்ட பெயர் அது. கூடுதல், பெருகுதல் என்னும் பொருளை நோக்கி முனிவர் வளன் என்றார். காப்பியத்திலிருந்து அச்சொல் வழக்கிலும் இறங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தூய வளனார் கல்லூரியின் பெயரில் இன்றும் அது வாழ்கிறது. அதே காப்பியத்தில் திருமுழுக்கு யோவான் 'கருணையன்' என்று பெயர் பெறுகிறார். மற்றவர்கள் அருள் என்றதை முனிவர் கருணை என்றார், மூலம் ஒன்றே.

இப்படியாகச் சூசை, வளன், யோசேப்பு, ஜோசப் என்று ஒரே பெயர் நான்கு உருவத்தில் வகுப்பில் வருகைப் பதிவின்போது எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' என்று சொல்லக்கூடும்.

எழுத்து வழி

மூன்றாவது வழி அச்சுக்கூடத்தின் வழி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். அவருக்குப் பின் இப்பணியைத் தொடர்ந்தவர் பெப்ரிசியுஸ். அவர் நமக்கு அயலூர்க்காரர் அல்லர்; மூலக்கொத்தளத்திலிருந்து நடந்தே போகக்கூடிய வேப்பேரியில் பல்லாண்டு வாழ்ந்தவர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுக்கூடம் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. பெப்ரிசியுசின் மொழிபெயர்ப்பும் அகராதியும் அங்கிருந்தே வெளிவந்தன.

இவர்கள் எபிரேய, கிரேக்க மூலங்களை முன்னே வைத்துக்கொண்டு பெயர்த்தவர்கள். ஆகவே பெயர்களையும் மூலத்திலிருந்தே எடுத்தனர். யாக்கோபு, யோசேப்பு, யோவான், பேதுரு, மோசே ஆகியவை இவ்வழியில் நிலைபெற்ற வடிவங்கள். மூலத்தின் இறுதியிலுள்ள மெய்யொலியைத் தமிழ் ஏற்காது. ஆகவே உகரம் சேர்த்து யாக்கோபு, யோசேப்பு என்றனர். 'ஃப்' என்னும் ஒலி பகரத்தில் அடங்கியது. 'பெத்ரோஸ்' என்பதில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நிற்பதால் நடுவில் உயிரைச் செருகிப் பேதுரு என்றனர்.

இங்கே நம்மில் பலர் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டும். ஜோசப் என்பதே சரியான பெயர், யோசேப்பு என்பது அதன் தமிழ்த் திரிபு என்று எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. எபிரேய மூலத்தில் முதல் ஒலி யகரமே. லத்தீன் எழுத்தில் யகரத்தையும் இகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதினர். பிற்காலத்தில் அதன் ஒரு வடிவத்தைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் 'ஜ' என்று ஒலிக்கத் தொடங்கினர். ஆகவே ஜேக்கப், ஜோசப், ஜான் ஆகியவையே தொலைவிலுள்ள திரிபுகள். யாக்கோபு, யோசேப்பு, யோவான் ஆகியவை மூலத்துக்கு அருகிலுள்ளவை.

எழுத்து வழியில் வந்த பெயர்களில் மற்றொரு நயமும் உண்டு. யோசுவா என்பதும் இயேசு என்பதும் ஒரே பெயர். யாவே மீட்கிறார் என்பது பொருள். எபிரேயப் பழைய ஏற்பாட்டிலிருந்து நேராக வந்தபோது யோசுவா ஆயிற்று. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சுற்றி வந்தபோது இயேசு ஆயிற்று. ஒரே நூலுக்குள்ளேயே ஒரு பெயர் இரண்டு உருவம் கொண்டதற்கு இது சான்று.

இராயப்பரும் இராயபுரமும்

வடசென்னையில் இருந்துகொண்டு இராயபுரத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகு ஓட்டிய கிறித்தவப் படகுக்காரர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயபுரத்தில் புனித பேதுருவுக்குக் கோயில் கட்டினர். பேதுருவைக் கத்தோலிக்கத் தமிழர் இராயப்பர் என்பர். அவர் பெயராலேயே இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் அமைந்தது என்று பலரும் கூறுவர். ஆங்கில எழுத்தில் அப்பெயரைக் காண்போர், அரசாங்கச் சார்பான 'ராயல்' என்னும் சொல்லோடு அதை இணைத்து எண்ணிவிடுகின்றனர், அது பொருந்தாது.

இராயப்பர் என்னும் பெயர் நாம் கண்ட மூன்று வழிகளுக்கும் சற்று விலகியது. சீமோன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 'கேட்டல்' என்னும் பொருளுடைய எபிரேய வேரில் பிறந்தது. இயேசு அவருக்குக் கேபா என்று பெயரிட்டார். அது அரமேய மொழியில் பாறை. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே 'பெத்ரோஸ்'. ஆக, பேதுரு என்பதே ஒரு மொழிபெயர்ப்புப் பெயர். தமிழிலும் பொருள் வழியே போயிருந்தால் பாறையப்பர் என்றோ கல்லப்பர் என்றோ வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. இராயர் என்பது நாயக்கர் காலத்துத் தமிழகத்தில் அரசரைக் குறித்த சொல். சீடருள் தலைவர் என்னும் பதவியைக் கருதியே அப்பெயர் பொருந்தி நிற்கிறது. ஒலியையும் விட்டு, பொருளையும் விட்டு, தகுதியைக் கொண்டு அமைந்த பெயர் என்று இதைக் கொள்ளலாம்.

ஒலி ஒப்புமை என்னும் கண்ணி

பெயர்களின் பொருளை ஆராய்வோர் விழுந்துவிடும் குழி ஒன்று உண்டு. தமிழ் வடிவத்தில் தமிழ்ச் சொல்லைக் கண்டவுடன், அதுவே பொருள் என்று முடிவுகட்டி விடுவது.

சாமுவேல், இம்மானுவேல் ஆகிய பெயர்களின் இறுதியில் 'வேல்' என்பது கேட்கிறது. அது முருகன் கை வேல் அன்று. எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் 'ஏல்' என்னும் சொல், முன்னின்ற உகரத்தோடு சேரும்போது வகரம் பெற்று 'வேல்' ஆயிற்று. இகரத்தின் பின் வந்தால் யகரம் பெற்றுத் தானியேல், கபிரியேல் என்று ஆகும். நாம் இலக்கணத்தில் படித்த உடம்படுமெய்தான் இது. 'இறைவன் நம்மோடு' என்பது இம்மானுவேல்; 'இறைவனே என் நடுவர்' என்பது தானியேல்; 'இறைவனுக்கு நிகர் யார்?' என்பது மிக்கேல். நம் வீட்டு மிக்கேலம்மாள் தம் பெயராக ஒரு கேள்வியையே சுமந்துகொண்டிருக்கிறார்.

அன்னம்மாள் என்னும் பெயரில் அன்னமும் இல்லை, அன்னையும் இல்லை. மரியாளின் தாயாகச் சொல்லப்படும் அன்னாவின் பெயர் அது. எபிரேயத்தில் 'ஹன்னா'; அருள் என்பது பொருள். 'யோஹானான்' என்பதிலுள்ள அதே வேர். ஆகவே ஒரு வீட்டில் அக்காள் அன்னம்மாள், தம்பி அருளப்பன் என்று இருந்தால், பெற்றோர் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒன்று செவி வழி வந்தது. மற்றொன்று பொருள் வழி வந்தது. அவ்வளவே வேறுபாடு.

மறுபுறம், எல்லாப் பெயருக்கும் உறுதியான பொருள் சொல்ல முடியும் என்றும் எண்ணக் கூடாது. மரியாள் என்பதன் மூலம் 'மிரியாம்'. அதற்குக் கசப்பு என்றும், அன்புக்குரியவள் என்றும் பலவாறு பொருள் கூறுவர். அறிஞரிடையே முடிவு ஏற்படவில்லை. தமிழ் மாரியோடு அதை இணைப்பது வெறும் ஒலி ஒப்புமை. கிறித்தவர் பெயரெல்லாம் விவிலியப் பெயர் என்பதும் தவறு. அந்தோணி என்பது உரோமைக் குடிப்பெயர். சவேரியார் என்பது ஸ்பெயினிலுள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்பது அதன் பொருள். இவை இரண்டும் விவிலியத்தில் இல்லை.

ஒரு பெயரைக் கண்டவுடன் அது எவ்வழியில் வந்தது என்று ஓரளவு கண்டறியலாம். போர்ச்சுகீசிய ஒலியின் சாயலோ 'சந்' என்னும் அடைமொழியோ இருந்தால் செவி வழி. தமிழிலேயே பொருள் விளங்கி, அப்பொருள் மூலப் பெயரின் பொருளோடு ஒத்தால் பொருள் வழி. யகரத்தில் தொடங்கி உகரத்திலோ, 'ஏல்' என்றோ முடிந்தால் பெரும்பாலும் எழுத்து வழி. 'ஜ', 'ஸ்' ஒலிகள் மிகுந்தால் ஆங்கிலப் பள்ளியும் அலுவலகமும் தந்தது. இக்குறிகள் எப்போதும் தவறாதவை அல்ல. ஆனால் பத்துப் பெயரில் எட்டுக்குப் பயன்படும்.

வழிகள் இன்று கலந்தும் வருகின்றன. முன்பு செவி வழியும் பொருள் வழியும் கத்தோலிக்கருக்கு, எழுத்து வழி சீர்திருத்தச் சபையாருக்கு என்று ஏறக்குறையப் பிரித்துவிடலாம். 1995இல் இரு சாராரும் சேர்ந்து திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது அருளப்பர் யோவான் ஆனார்; இராயப்பர் பேதுரு ஆனார்; சின்னப்பர் பவுல் ஆனார். வழிபாட்டில் கேட்கும் பெயர் மாறிவிட்டது. ஆனால் தெருவில் கூப்பிடும் பெயர் மாறவில்லை. பாட்டனார் அருளப்பன், பேரன் ஜான் என்று இருக்கும் வீட்டில், தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்கிறோம் என்பதை அவ்வீட்டாரே அறியாதிருப்பதும் உண்டு.

விண்ணப்பத்தின் முடிவு

இனிப் பாட்டியின் விண்ணப்பத்துக்கு வருவோம். நான் மேலே எழுதியவற்றையெல்லாம் அலுவலரிடம் விளக்கியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அலுவலகத்துக்கு வேர்ச்சொல் வேண்டாம். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆகவே இரண்டு காகிதங்களைச் சேர்த்தோம். ஒன்று பங்குக் குருவின் கடிதம். லத்தீன் பதிவிலுள்ள யாக்கோபுஸ் என்பதே தமிழில் சந்தியாகு என்றும், ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்றும் வழங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மற்றொன்று நோட்டரி முன்னிலையில் பாட்டி கைந்நாட்டு வைத்த பிரமாணப் பத்திரம். மூன்று பெயரும் தம் கணவர் ஒருவரையே குறிக்கும் என்று அதில் உறுதி கூறினார். தகப்பனார் பெயரும் பிறந்த ஆண்டும் மூன்று காகிதத்திலும் ஒத்திருந்தது பெருந்துணையாயிற்று. பெயர் மாறினாலும் இவை இரண்டும் மாறாதிருந்தால் ஆள் ஒருவரே என்று காட்டுவது எளிது. சில மாதங்களில் பணம் வரத் தொடங்கியது.

நண்பர்களே, உங்களுள் கிறித்தவப் பெயருடையோர் ஒருமுறை திருமுழுக்குப் பதிவையும், பள்ளிச் சான்றிதழையும், ஆதார் அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் சூசை, ஒன்றில் ஜோசப் என்று இருந்தால், பெற்றோர் இருக்கும்போதே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். சான்று சொல்ல ஆள் இருக்கும்போது அரை நாளில் முடியும் வேலை, பிறகு அரையாண்டு இழுக்கும்.

முதல் தொகை வந்த அன்று பாட்டி எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அப்போது அந்தப் பெயரின் கதையைச் சொன்னேன். குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன் என்று பொருள் என்றேன். பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அவரு பிடிச்சா விடமாட்டாருதான்" என்றார்.